பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போன வருட ஒய்டிடி உதைக்கிறது

பாரிமுனை_கணக்கு · 2025 மார்ச் 10, காலை 10:42

வணக்கம். தி.நகர், புரசைவாக்கம், தாம்பரம், வேளச்சேரி என்று நான்கு கடை உள்ள ரெடிமேட் துணி வியாபாரத்தில் கணக்குப் பார்க்கிறேன். பில்லிங் மென்பொருளிலிருந்து தினசரி விற்பனையை இறக்கி Data என்ற ஷீட்டில் போட்டு வருகிறேன். A-யில் தேதி, B-யில் கடை, C-யில் தொகை. 2022 ஏப்ரல் முதல் எல்லாம் அதில் இருக்கிறது.

Report ஷீட்டில் B1-இல் மாதத்துக்கு ஒரு டிராப்டவுன், B2-இல் நிதியாண்டு தொடங்கும் வருடம். முதலாளி மாதத்தை மாற்றினால் ஏப்ரல் முதல் அந்த மாதம் வரை இந்த வருட விற்பனை, போன வருடம் அதே காலத்து விற்பனை, வளர்ச்சி சதவீதம் மூன்றும் வர வேண்டும்.

வருகிறது. Apr-இலிருந்து Jan வரை ஒவ்வொன்றாகப் போட்டு டேலியோடு ஒப்பிட்டேன், பைசா சுத்தமாக நிற்கிறது. Feb போட்டால் மட்டும் போன வருடத் தொகை டேலியைவிட ₹1,84,350 குறைகிறது. Mar போட்டால் போன வருடம் மறுபடி சரியாகிவிடுகிறது. இதே ஷீட்டில் B2-இல் 2023 போட்டு Feb பார்த்தேன், அங்கேயும் சரி. ஃபார்முலா இதுதான்:

```
B3: =DATE(B2,4,1)
B4: =EOMONTH(B3,MATCH(B1,Lists!A1:A12,0)-1)
C3: =EDATE(B3,-12)
C4: =EDATE(B4,-12)

C8: =SUMIFS(Data!C:C,Data!B:B,$A8,
     Data!A:A,">="&$C$3,Data!A:A,"<="&$C$4)
```

Lists ஷீட்டில் A1 முதல் A12 வரை Apr, May என்று தொடங்கி Mar வரை இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதலாளியிடம் காட்ட வேண்டும். எங்கே உதைக்கிறது?

---

அண்ணாநகர்_ஸ்டோர்ஸ் · காலை 11:05

டிராப்டவுனில் பிப்ரவரி வரவில்லை என்றால் பட்டியல் ரேஞ்சை நீட்ட வேண்டும். Data மெனுவில் Data Validation போய், Allow என்ற இடத்தில் List, Source-இல் `=Lists!$A$1:$A$12`. டாலர் குறி இல்லாமல் கொடுத்துவிட்டு அந்த செல்லைக் கீழே நகல் எடுத்தால் ரேஞ்ச் நழுவி, மேலே உள்ள மாதங்கள் காணாமல் போகும். எங்கள் கடை ஷீட்டிலும் அப்படித்தான் ஆனது.

---

பாரிமுனை_கணக்கு · காலை 11:11

டிராப்டவுன் நன்றாக வேலை செய்கிறது சார், Feb-ஐத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. அதைத் தேர்ந்தெடுத்த பிறகு வருகிற தொகையில்தான் சிக்கல்.

---

தாம்பரம்_எக்செல் · காலை 11:30

இது நேரத்தால் வரும் கோளாறு. பில்லிங் மென்பொருள் தேதியோடு மணியையும் சேர்த்து அனுப்பும். செல்லில் 29-02-2024 என்று தெரிந்தாலும் உள்ளே 45351.61 என்று இருக்கும். நீங்கள் `"<="` போட்டுக் கடைசித் தேதியைக் கொடுக்கிறீர்கள். கடைசித் தேதி என்றால் எக்செலுக்கு அந்த நாள் நள்ளிரவு 12 மணி. அன்று காலை கடை திறந்த பிறகு போட்ட பில் எல்லாமே அதற்கு மேல் போய்விடும். தேதிப் பத்தியை `INT` போட்டு முழு எண்ணாக்குங்கள், சரியாகிவிடும்.

---

மயிலை_லெட்ஜர் · மதியம் 12:20

தாம்பரம் சார் சொல்கிற கோளாறு உண்மையில் உண்டு, நிறையப் பேரை அலைக்கழிக்கும். ஆனால் இங்கே அது காரணமாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மாதக் கடைசி நாள் விற்பனை விடுபட வேண்டும், அதுவும் இரண்டு வருடப் பத்தியிலும். இவருக்குப் பத்து மாதம் பைசா பிசகாமல் நிற்கிறது. ஒரே ஒரு மாதம், ஒரே ஒரு பத்தி. அதனால் கோளாறு C4-இல்தான் இருக்க வேண்டும்.

Feb போடுங்கள். B4 என்ன? 28-02-2025. C4 அதை அப்படியே 12 மாதம் பின்னால் தள்ளுகிறது. கிடைப்பது 28-02-2024. ஆனால் 2024 லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். `EDATE` தேதி எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளும், இல்லாத தேதி என்றால் மட்டும் மாதக் கடைசிக்கு இறக்கும். 28 என்பது 2024-இலும் இருக்கிற தேதிதானே, அதனால் அங்கேயே நின்றுவிடுகிறது. 29-ஆம் தேதி வியாழக்கிழமை விற்பனை முழுவதும் வெளியே போய்விட்டது. Data ஷீட்டில் அந்த ஒரு நாளை வடிகட்டிப் பாருங்கள், நான்கு கடையும் சேர்த்து ₹1,84,350 இருக்கும் என்று நினைக்கிறேன்.

Mar போட்டால் சரியாவதும் இதனால்தான். கடைசித் தேதி 31-03-2024 ஆகிவிட்டால் 29 தானாக உள்ளே வந்துவிடும். B2-இல் 2023 போட்டபோது தப்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. அப்போது B4 29-02-2024, பன்னிரண்டு மாதம் பின்னால் போனால் 2023-இல் 29 இல்லை, 28-க்கு இறங்குகிறது. அது சரியான விடைதான். ஆக, லீப் வருடத்துக்கு அடுத்த வருடம், பிப்ரவரி என்ற ஒரே தேர்வில்தான் இது தலைகாட்டும். அடுத்தது 2029 பிப்ரவரி.

---

பாரிமுனை_கணக்கு · மதியம் 12:48

மேடம், வடிகட்டிப் பார்த்தேன். அதே ₹1,84,350. மூன்று கடை விற்பனை அது, வேளச்சேரி அப்போது திறக்கவில்லை.

C4-இல் `=EOMONTH(EDATE(B4,-12),0)` என்று மாற்றினேன், நின்றுவிட்டது. இது போதுமா?

---

மயிலை_லெட்ஜர் · மதியம் 1:35

விடை சரியாக வரும். ஆனால் நான் அந்த வழியில் போக மாட்டேன். மாதக் கடைசித் தேதி 28, 29, 30, 31 என்று ஆடிக்கொண்டே இருக்கும். மாத முதல் தேதி எப்போதும் 1. அதனால் முடிவாக அடுத்த மாதத்து 1-ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டு, "அதற்கு முன்னால்" என்று கேளுங்கள். போன வருடத்து முடிவை இந்த வருடத்து முடிவிலிருந்து கணக்கிடாமல், போன வருடத்துத் தொடக்கத்திலிருந்தே கணக்கிடுங்கள்:

```
B5: =MATCH(B1,Lists!A1:A12,0)
B3: =DATE(B2,4,1)
B4: =EDATE(B3,B5)
C3: =EDATE(B3,-12)
C4: =EDATE(C3,B5)

C8: =SUMIFS(Data!C:C,Data!B:B,$A8,
     Data!A:A,">="&C$3,Data!A:A,"<"&C$4)
```

Feb போட்டால் B5 11. B4 01-03-2025, C4 01-03-2024. லீப் வருடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்ச் 1-க்கு முன்னால் உள்ளதெல்லாம் உள்ளே வந்துவிடும். இதில் தாம்பரம் சார் சொன்ன மணிக் கோளாறும் அடிபட்டுப் போகிறது, 29-ஆம் தேதி இரவு 9:40 பில்லும் மார்ச் 1 நள்ளிரவுக்கு முந்தியதுதானே. `INT` போட்டு ஒரு பத்தி கூடுதலாக வைக்கத் தேவையில்லை.

C8-இல் `$C$3` இருந்ததை `C$3` ஆக்கியிருக்கிறேன் கவனியுங்கள். அதே ஃபார்முலாவை B8-க்கு நகல் எடுத்தால் B3, B4 எடுத்துக்கொள்ளும். ஆனால் Data பத்திகளுக்கு `$` போடாமல் நகல் எடுத்தால் அவையும் நழுவும். `Data!$A:$A` என்று பூட்டிவிட்டு நகல் எடுங்கள்.

தலைப்பில் "28-02-2025 வரை" என்று காட்ட `B4-1` போதும்.

---

தாம்பரம்_எக்செல் · மதியம் 1:52

ஒப்புக்கொள்கிறேன், பத்து மாதம் சரியாக இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. இப்போது போன வருடப் பக்கம் 335 நாள், இந்த வருடப் பக்கம் 334 நாள். பிப்ரவரியை மட்டும் தனியாகப் பார்த்தால் 29-க்கு 28, மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 28-ஆம் தேதியோடு நிறுத்திய பழைய ஃபார்முலாதான் நியாயமான ஒப்பீடு என்று ஒருவர் வாதாடலாமே?

---

மயிலை_லெட்ஜர் · மதியம் 2:10

வாதாடலாம். ஆனால் அப்படிச் செய்தால் டேலியோடு நிற்காது, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட எண்ணோடும் நிற்காது. ரிப்போர்ட்டில் உள்ள தொகை புத்தகத்தோடு நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் விதி. நாள் கணக்கில் பார்க்க ஆசைப்பட்டால் பக்கத்தில் "ஒரு நாள் சராசரி" என்று ஒரு பத்தி வையுங்கள், `=B8/(B$4-B$3)`. தேதியைத் தேதியால் கழித்தால் நாள் எண்ணிக்கை வந்துவிடும். தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

---

ஒரகடம்_எம்ஐஎஸ் · மாலை 4:15

எங்கள் கம்பெனியின் தாய் நிறுவனம் வெளிநாட்டில். அவர்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர், வரித்துறைக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஒரே டேட்டா, இரண்டு ரிப்போர்ட். முதலில் இருந்தவர் `MONTH(தேதி)<=மாத எண்` என்று போட்டிருந்தார். ஜனவரி வருடத்துக்கு அது ஓடியது. ஏப்ரல் வருடத்துக்கு அதையே நகல் எடுத்தபோது Feb தேர்ந்தெடுத்தால் மாத எண் 2, ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும் கூட்டி வந்தது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம் காணோம். மேடம் ஃபார்முலாவில் இந்தத் தொல்லை இருக்குமா?

---

மயிலை_லெட்ஜர் · மாலை 4:40

இருக்காது, ஏனென்றால் மாத எண்ணே இதில் எங்கும் வரவில்லை. B5 சொல்வது "தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மாதம்" என்பது. உங்களுக்கு B3-இல் 4-க்குப் பதில் 1, பட்டியல் வரிசை Jan முதல் Dec. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிழைச் செய்தி எதுவும் வராது, தொகை மட்டும் தப்பாக வரும். தொடக்க மாதத்தை ஒரு செல்லில் வைத்துவிட்டு, பட்டியலையும் அதிலிருந்தே உருவாக்குங்கள்: Lists A1-இல் `=TEXT(DATE(2024,தொடக்கம்+ROW()-1,1),"mmm")` போட்டு 12 வரிசை இழுத்துவிடுங்கள். "தொடக்கம்" என்ற இடத்தில் அந்த செல் முகவரியை `$` போட்டுப் பூட்டிக் கொடுக்க வேண்டும்.

---

பாரிமுனை_கணக்கு · 2025 மார்ச் 12, மாலை 6:20

எல்லாம் மாற்றிவிட்டேன், 12 மாதமும் டேலியோடு நிற்கிறது. இன்று மாலை முதலாளி ஆர்வத்தில் முன்கூட்டியே திறந்து பார்த்துவிட்டார். Mar தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்த வருடம் மார்ச் 11 வரைதான் டேட்டா, போன வருடம் மார்ச் முழுவதும். "ஏன் திடீரென்று விழுந்தது?" என்று போன் வந்தது. விளக்கிவிட்டேன். ஆனால் நான் இல்லாதபோது யாராவது இப்படிப் பார்த்தால்?

இன்னொன்று. Feb வரை மொத்த வளர்ச்சி 9.9 சதவீதம் என்று வருகிறது. இந்த வருடம் 885.3 லட்சம், போன வருடம் 805.5 லட்சம். வேளச்சேரி 2024 ஆகஸ்டில்தான் திறந்தோம், போன வருடம் அதற்கு பூஜ்யம், அந்த வரிசையில் `#DIV/0!` நிற்கிறது. `IFERROR` போட்டு 100% என்று காட்டச் சொல்கிறார் மேனேஜர்.

---

மயிலை_லெட்ஜர் · இரவு 9:05

முதலாவதற்கு, டிராப்டவுனுக்குப் பக்கத்திலேயே சிவப்பில் ஒரு வரி:

```
=IF(MAX(Data!A:A)+1<B4,
 "விற்பனை "&TEXT(MAX(Data!A:A),"dd-mm-yyyy")&" வரை மட்டும்","")
```

முடியாத மாதத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முதலாளிக்கு மாத நடுவிலும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் மறைப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது. மாதக் கடைசி நாள் கடை விடுமுறை என்றால் இந்த வரி தேவையில்லாமல் எரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதற்கு, 100% போடவே போடாதீர்கள். 100% வளர்ச்சி என்றால் இரண்டு மடங்கு ஆனது என்று பொருள். பூஜ்யத்திலிருந்து வந்ததற்குச் சதவீதமே கிடையாது. `=IF(C8=0,"புதிய கடை",B8/C8-1)` என்று எழுதுங்கள். `IFERROR` வேண்டாம், ஃபார்முலாவில் `#REF!`, `#NAME?` போல வேறு பிழை வந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும்.

அதைவிட முக்கியம் அந்த 9.9. வேளச்சேரியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

---

பாரிமுனை_கணக்கு · இரவு 9:31

வேளச்சேரி 64.8 லட்சம். அதை எடுத்தால் 820.5-க்கு 805.5. வெறும் 1.9 சதவீதம்! அதிலும் தாம்பரம் போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது.

---

மயிலை_லெட்ஜர் · இரவு 9:50

ஆமாம். இரண்டு மொத்தமும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும், "எல்லாக் கடையும்" ஒன்று, "பழைய கடைகள்" ஒன்று. E பத்தியில் கடை திறந்த தேதியைப் போட்டு `=SUMIFS(B8:B11,$E8:$E11,"<="&$C$3)`. போன நிதியாண்டு தொடங்கும் முன்பே திறந்திருந்த கடைகள் மட்டும் வரும். வருடத்தை மாற்றினால் கடைகள் தானாக உள்ளே வரும்.

---

ஒரகடம்_எம்ஐஎஸ் · இரவு 10:12

இந்த விதிப்படி வேளச்சேரி 2026 ஏப்ரல் வரை பழைய கடை ஆகாதே. திறந்து ஒரு வருடமானதும், 2025 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு மாதம் சேர்த்துக்கொள்வதுதான் எங்கள் குழுமத்தில் வழக்கம்.

---

மயிலை_லெட்ஜர் · இரவு 10:25

அதுவும் செய்யலாம். ஆனால் அப்போது ஒய்டிடி-க்குள் சில மாதத்துக்கு மூன்று கடை, சில மாதத்துக்கு நான்கு கடை இருக்கும். டிராப்டவுனில் Aug-இலிருந்து Sep-க்கு மாற்றும்போது எண் ஏன் நகர்ந்தது என்று விளக்க வேண்டி வரும். நான்கு கடைக்கு அந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் எண்ணம். நாற்பது கடை என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

---

சவுகார்பேட்டை_மொத்தம் · 2025 மார்ச் 13, காலை 8:15

நான் கணக்கர் இல்லை, மொத்த ஜவுளி வியாபாரி. ஃபார்முலா எனக்குப் புரியாது, ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. டிராப்டவுனில் அக்டோபர் போட்டுப் பார்த்தீர்களா? இந்த வருடம் முழு தீபாவளி வியாபாரமும் உள்ளே, போன வருடம் பாதிக்கு மேல் வெளியே. என் பையன் இப்படி ஒரு ரிப்போர்ட்டை அக்டோபர் முடிவில் காட்டினான், நான் அதை நம்பிப் பொங்கலுக்குச் சரக்கு அதிகம் எடுத்துவிட்டேன்.

---

பாரிமுனை_கணக்கு · காலை 9:40

ஐயா, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். பழைய மூன்று கடை மட்டும், லட்சத்தில். Oct வரை 510-க்கு 449, வளர்ச்சி 13.6 சதவீதம். Nov வரை 571-க்கு 561, வளர்ச்சி 1.8. அக்டோபர் மட்டும் 138-க்கு 79, நவம்பர் மட்டும் 61-க்கு 112. ஃபார்முலாவில் தப்பில்லை, இரண்டும் டேலியோடு நிற்கிறது. ஆனால் Oct போட்டுப் பார்த்தவர் ஒரு முடிவுக்கு வருவார், Nov போட்டுப் பார்த்தவர் வேறு முடிவுக்கு வருவார்.

---

தாம்பரம்_எக்செல் · காலை 10:02

போன வருடத் தேதிகளை தீபாவளிக்கு ஏற்ப 12 நாள் நகர்த்திவிட்டால்? C4-இல் 12 கூட்டினால் நவம்பர் 12 வரை உள்ளே வந்துவிடும்.

---

மயிலை_லெட்ஜர் · காலை 10:30

Oct தேர்வுக்கு மட்டும் அது சரியாகும், Nov போட்டால் டிசம்பர் 12 வரை இழுத்துக்கொண்டு வரும். ஒய்டிடி-யை நகர்த்தாதீர்கள். அதன் கீழே தனியாக "தீபாவளிக்கு முந்தைய 45 நாள்" என்று ஒரு வரிசை வையுங்கள். Lists ஷீட்டில் வருடம், தீபாவளித் தேதி என்று சின்ன அட்டவணை: 2023-க்கு 12-11-2023, 2024-க்கு 31-10-2024, 2025-க்கு 20-10-2025. அந்தத் தேதியிலிருந்து 45 கழித்து, அதே `SUMIFS`. டிராப்டவுன் எதுவானாலும் இந்த வரிசை மாறாது. அக்டோபர், நவம்பர் பார்க்கும்போது கண்ணில் படும்.

வரும் நிதியாண்டில் இரண்டு தீபாவளியும் அக்டோபரிலேயே வருகிறது, Oct தேர்வு பரவாயில்லை. ஆனால் 20-ஆம் தேதி என்பதால் வாங்குவது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், Sep தேர்வு ஏமாற்றும்.

---

சவுகார்பேட்டை_மொத்தம் · காலை 10:55

45 நாள் சில்லறைக் கடைக்குச் சரிம்மா. எங்களுக்கு எழுபது, எண்பது நாள் முன்னாலேயே ஆர்டர் வந்துவிடும். அப்புறம் மிக்ஜாம் புயல் வந்ததே, 2023 டிசம்பர் முதல் வாரம்? கடையையே திறக்க முடியவில்லை. டிசம்பர் ஒப்பீட்டில் அதையும் நீக்கிவிட்டுப் பார்ப்பதுதானே நியாயம்?

---

ஒரகடம்_எம்ஐஎஸ் · காலை 11:20

நீக்கத்தான் வேண்டும். அந்த வாரத்தை இரண்டு வருடத்திலும் எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

---

மயிலை_லெட்ஜர் · காலை 11:48

எனக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளி இடம் மாறும், ஆனால் வந்தே தீரும், அதனால் அதற்குத் தனி வரிசை. புயல் வாரத்தில் போன வியாபாரம் முழுவதும் போனதா, அல்லது தண்ணீர் வடிந்த பிறகு பத்து நாள் கழித்து வந்ததா என்று யாருக்குத் தெரியும்? முதல் வாரத்தை மட்டும் வெட்டினால், பின்னால் வந்த வியாபாரம் போன வருடத்துப் பக்கத்தில் அப்படியே நிற்கும். Dec தேர்ந்தெடுத்தால் "2023 டிசம்பரில் புயல்" என்று ஒரு குறிப்பு வந்தால் போதும்.

---

பாரிமுனை_கணக்கு · 2025 மார்ச் 14, மாலை 7:10

இன்று காட்டிவிட்டேன். 45 நாள் வரிசையும் புயல் குறிப்பும் வைத்தேன், எதையும் வெட்டவில்லை. முதலாளி நேராக 1.9-ஐப் பார்த்துவிட்டு தாம்பரம் மேனேஜரை அழைத்துப் பேசினார். கடைசியில் அதே டிராப்டவுனில் கடைவாரியாகச் சரக்கு இருப்பும் வேண்டும் என்கிறார். இருப்பை ஏப்ரலிலிருந்து கூட்ட முடியாதே, என்ன செய்வது?

---

மயிலை_லெட்ஜர் · இரவு 8:30

கூட்டவே கூடாது. மாதக் கடைசி இருப்பை மட்டும் ஒரு ஷீட்டில் தேதி, கடை, தொகை என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். `SUMIFS`-இல் தேதி நிபந்தனை இரண்டுக்குப் பதில் ஒன்று போதும், இந்த வருடத்துக்கு `B$4-1`, போன வருடத்துக்கு `C$4-1`. இருப்புத் தேதியை மாதக் கடைசி நாளாகவே போடுங்கள், பிப்ரவரி 2024-க்கு 29.